தொழிற்புரட்சி ஏன் பிரிட்டனில் முதலில்? பிரான்சோடு ஓர் ஒப்பீட்டு அட்டவணை

திங்கட்கிழமை தேர்வுக்கு முழுப் பாடத்தையும் ஒரே அட்டவணையாகச் சுருக்கியிருக்கிறேன். பாடத்தில் காரணங்கள் வரிசையாகத்தான் வருகின்றன, ஆனால் காலனி, பணம், அறிவியல் எல்லாம் பிரான்சிடமும் இருந்ததால் அந்த நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது கனமான காரணம் என்று புரியும். என் கணக்கில் முதல் இரண்டு வரிசைகள்தான் உயிர், நேரம் இல்லாதவர்கள் அதையாவது படியுங்கள்.

| காரணம் | பிரிட்டன் | பிரான்ஸ் |
|---|---|---|
| நிலக்கரி | நியூகாசில் கரி கடல் வழியாகவே லண்டனுக்குப் போனது. சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க 1712இல் நியூகாமனின் நீராவி இயந்திரம் வந்தது. ஏகப்பட்ட கரியைத் தின்னும், ஆனாலும் சுரங்க வாசலிலேயே கரி மலிவாகக் கிடைத்ததால் கட்டுப்படியானது. கரிச் செலவைக் குறைத்த வாட்டின் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை 1769. இரும்பை உருக்க டார்பி நிலக்கரியிலிருந்து எடுத்த கோக் கரியைப் பயன்படுத்தியது 1709. | கரி இருந்தது, ஆனால் தூரம் அதிகம், கொண்டுபோகும் செலவும் அதிகம். இரும்பு உலைகளில் மரக்கரி 19ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. |
| கூலி | அதிகம். பத்துப் பேர் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் முதலாளிக்கு உடனே லாபம். (இந்த வாதத்தை மறுக்கும் வரலாற்றாளர்களும் உண்டு.) | குறைவு. ஆள் மலிவு என்றால் இயந்திரத்துக்கு ஏன் பணம் போட வேண்டும்? |
| சந்தை, போக்குவரத்து | 1707இல் ஸ்காட்லாந்து இணைந்தபின் உள்நாட்டுச் சுங்கம் இல்லாத ஒரே சந்தை. பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் மான்செஸ்டருக்குக் கரி கொண்டுவந்தது. | மாகாணத்துக்கு மாகாணம் சுங்கம், 1790 வரை. |
| பருத்தியும் காலனியும் | சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் போன துணி அங்கே சக்கைப்போடு போட்டது. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதிக்க, 1700, 1721 சட்டங்கள் தடை போட்டன. அந்தத் தடைக்குள்தான் உள்ளூர்ப் பருத்தித் தொழில் வளர்ந்தது. கச்சாப் பஞ்சு அடிமைகளின் உழைப்பில் வந்தது, இதை விடையில் விட்டுவிடாதீர்கள். | இங்கேயும் தடைதான், 1686 முதல் 1759 வரை. அடிமைகளை வைத்துச் சர்க்கரை விளைவித்த கரிபியன் காலனி செயின்ட் டொமிங்கு கையில் இருந்தது, 1791இல் அங்கே கிளர்ச்சி வெடித்தது. |
| வங்கி | இங்கிலாந்து வங்கி, 1694 | பிரான்ஸ் வங்கி, 1800 |
| அறிவியல் | நல்ல நிலை | லவாய்சியே இருந்த நாடு, குறைவில்லை. அதனால் இதைத் தனிக் காரணமாக எழுதினால் விடை நிற்காது. |

ஒரு விஷயத்தில் கவனம். 1789 புரட்சியால்தான் பிரான்ஸ் பின்தங்கியது என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். இங்கிலாந்தில் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் நூற்பாலை கட்டத் தொடங்கியதே 1771இல், அதாவது புரட்சிக்கு 18 ஆண்டுகள் முன்பு. புரட்சியும் அப்புறம் வந்த போர்களும் ஏற்கெனவே இருந்த இடைவெளியை அதிகமாக்கின, அவ்வளவுதான்.