தையல் மெஷின் மெக்கானிக் நேர்காணல்: கேள்வி-பதில் படி

பக்க வடிவமைப்புக்கு. ஒலிப்பதிவு மொத்தம் 42 நிமிடம். கீழே இருப்பது 11:02 முதல் 14:40 வரை.

பேர் குழப்பம் இங்கேதான் அதிகம். மூல எழுத்துப்படியில் மெக்கானிக் முதலில் "பேச்சாளர் 2", மெஷின் ஓடத் தொடங்கியதும் "பேச்சாளர் 3", ஓரிடத்தில் "அண்ணன்". இரைச்சலில் குரல் மாறிக் கேட்டதால் புது ஆள் என்று பதிந்திருக்கிறது. "பேச்சாளர் 3" என்பதை மொத்தமாக "மெக்கானிக்" என்று மாற்றிவிடாதீர்கள். 13:40-இல் அதே பெயரில் பேசுவது உதவியாளர். ஒவ்வொரு இடமும் காதால் கேட்டே மாற்றப்பட்டது.

மூலம்:

[11:02] பேச்சாளர் 1: அடியில நூல் கொத்தா, அதாவது, சுத்திக்குதே, அது ஏன்
[11:06] பேச்சாளர் 2: எல்லாரும் பாபின் கேஸைத்தான் நோண்டுவாங்க. ஆனா கோளாறு
[11:12] பேச்சாளர் 1: ம்ம்
[11:13] பேச்சாளர் 3: மேல் நூல்லதான்.

செம்மைப்படி:

கேள்வி: துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுற்றிக்கொள்வது ஏன்?

மெக்கானிக்: எல்லாரும் பாபின் கேஸைத்தான் நோண்டுவாங்க. ஆனா கோளாறு மேல் நூல்லதான். டென்ஷன் தட்டுக்குள்ள நூல் உட்கார்ந்திருக்காது.

கேள்வி: அதை எப்படிச் சரிசெய்வது?

மெக்கானிக்: நூலை முழுசா உருவிட்டு, பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவச்சு திரும்பக் கோர்த்துடுங்க. ஃபுட் கீழ இருந்தா தட்டு இறுகியிருக்கும். நூல் உள்ள போகாம மேலயே நிக்கும். திருகைத் திருப்புறதெல்லாம் அப்புறம்.

கேள்வி: புது ஊசி போட்ட பிறகும் தையல் விட்டுவிட்டு விழுகிறதே?

உதவியாளர்: ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பாங்கண்ணே. தட்டைப் பக்கம் பின்னால இருக்கணும்.

மெக்கானிக்: இப்போ வர்ற வீட்டு மெஷின்ல பெரும்பாலும் அப்படித்தான். பழைய மெஷின் சிலதுல தட்டைப் பக்கம் பக்கவாட்டுல வரும். கையேட்டைப் பார்த்துட்டுப் போடுங்க. ஜீன்ஸ் துணின்னா ஊசியும் தடிமனா இருக்கணும், [100/16] போடுங்க.

"ம்ம்", "அதாவது" போன்றவை நீக்கப்பட்டன. 11:12-இன் "ம்ம்" தனி வரியாக நின்றால் ஒரே பதில் இரண்டாக உடையும். அதனால் இரு துண்டுகளும் சேர்க்கப்பட்டன. கேள்விகள் எழுத்து நடைக்கு வந்துள்ளன. பதில்களின் பேச்சு நடையைத் தொடவில்லை, அவர் சொல்லாத சொல் எதுவும் சேரவில்லை, ஓரிடம் தவிர: 14:26-இல் ஊசி எண் 90-ஆ 100-ஆ என்று ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டு எழுதியது அது. சதுர அடைப்பை எடுத்துவிடாமல் அப்படியே அச்சுக்கு விடுங்கள்.