மறுசீரமைப்பு அறிவிப்பு: எந்த டீமுக்கு என்ன மாறுகிறது

அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் 2, திங்கட்கிழமை நிர்வாக இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒன்பது பக்க அறிவிப்பு ஒன்று எல்லோருக்கும் வந்தது. அன்று மாலைக்குள் எனக்கு நாற்பது போன்கள். பாதிப் பேர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு வேலை இருக்கா, இல்லையா?" அதற்கான பதில் அறிவிப்பின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் 186 பேர். இதில் 10 பணியிடங்கள் எடுக்கப்படுகின்றன. ஏரியா மேலாளர் 3, பூந்தமல்லி ஸ்டோரில் 4 (ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர், உதவியாளர்கள் மூன்று பேர்), ஏரியா பில்லிங் 3. இவர்களில் ஆறு பேருக்கு வேறு இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மீதி நான்கு பேர் விஷயம் இன்னும் முடியவில்லை. இந்தப் பத்துப் பேருக்கும் தனித்தனிக் கடிதம் மார்ச் 13, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் தரப்படும். கடிதம் வராதவர்களின் பணியிடம் இந்த அறிவிப்பால் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். டெக்னீஷியன்களில் யாருடைய பணியிடமும் இதில் இல்லை. கால் சென்டரிலும் இல்லை.

ஏன் இந்த மாற்றம் என்று சுருக்கமாக. இதுவரை வடசென்னை, தென்சென்னை, வெளியூர் என்று மூன்று ஏரியா. ஒவ்வொன்றிலும் ஒரு மேலாளர். விற்பனை, சர்வீஸ், ஸ்டோர், பில்லிங் நான்கும் அவர் கையில். ஒரு ஏரியாவில் கம்ப்ரசர் தூசி படிந்து கிடக்கும், பக்கத்து ஏரியாவில் ஐஸ்கிரீம் கடைக்காரர் அதே கம்ப்ரசருக்காக நான்கு நாள் காத்திருப்பார். இது எல்லோரும் பார்த்ததுதான். ஏப்ரல் 1 முதல் ஏரியா என்ற பிரிவு போய், வேலை வாரியாகப் பிரிவு வருகிறது. சர்வீஸ் எல்லாம் ஒருவரிடம், விற்பனை எல்லாம் ஒருவரிடம், ஸ்டோர் எல்லாம் ஒருவரிடம்.

சர்வீஸ்

நம்மில் பெரிய டீம் இது: 75 டெக்னீஷியன்கள், 9 சூப்பர்வைசர்கள். டெக்னீஷியன்களுக்கு நேரடி மேலதிகாரி மாறவில்லை. யாரிடம் காலையில் கால் ஷீட் வாங்குகிறீர்களோ, அவரிடமே தொடர்ந்து வாங்குவீர்கள். சூப்பர்வைசர்களுக்குத்தான் மாற்றம். ஒன்பது பேரும் ஏப்ரல் 1 முதல் சர்வீஸ் தலைவருக்குக் கீழ் வருகிறார்கள். இப்போதைய வடசென்னை ஏரியா மேலாளர்தான் அந்தத் தலைவர்.

எந்தத் தெரு யாருக்கு என்ற எல்லைப் பிரிப்பும் ஏப்ரலிலேயே மாறுவதாக முதல் வரைவில் இருந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் ஃப்ரீசர் கால் எப்படிக் குவியும் என்று சூப்பர்வைசர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அது ஜூலை 1-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பழகிய கடை, பழகிய சந்து என்றால் ஒரு நாளில் ஆறு கால் முடிக்கலாம். புது ஏரியாவில் மே மாதம் கொண்டுபோய் விட்டால் மூன்றுகூடத் தேறாது. ஆக, ஜூன் 30 வரை இப்போதுள்ள எல்லையே.

வெளியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காஞ்சிபுரம், வேலூர் சூப்பர்வைசர்கள் இருவரும் இனி நேராக அம்பத்தூருக்கு ரிப்போர்ட் செய்கிறார்கள், நடுவில் மேலாளர் கிடையாது. "பார்ட் மாத்த அனுமதி வாங்க ஒவ்வொரு தடவையும் மெட்ராஸுக்குப் போன் போடணுமா?" என்று வேலூரிலிருந்து கேட்டார்கள். வேண்டாம். ஏப்ரல் 1 முதல் எல்லா சூப்பர்வைசர்களும் ஒரு காலுக்கு ரூ.6,000 வரை தாங்களே அனுமதிக்கலாம். அதற்கு மேல் போனால் மட்டும் சர்வீஸ் தலைவர்.

ஸ்டோர்

அதிகம் மாறுவது இங்கேதான். பூந்தமல்லி ஸ்டோர் மூடப்படுகிறது. ஏப்ரல் 30-உடன் அங்கே வாடகை ஒப்பந்தம் முடிகிறது. சரக்கு முழுவதும் மாதவரத்துக்குப் போகும். நகர்த்தும் நாட்கள் ஏப்ரல் 19, 26, இரண்டுமே ஞாயிறு. அன்று வேலைக்கு வருபவர்களுக்கு ஓவர்டைம் உண்டு. ஆர்290 சிலிண்டர்கள் மட்டும் மற்ற ஸ்பேருடன் ஒரே வண்டியில் ஏறக்கூடாது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும் வாயு. அதற்குத் தனி வண்டி, தனி நாள். தேதியைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் சொல்வார். "ஒரே டிரிப்ல முடிச்சிடலாம்" என்று யாரும் சாமர்த்தியம் காட்ட வேண்டாம்.

மாதவரம், அம்பத்தூர் இரண்டு ஸ்டோரும் இனி ஒரே ஸ்டோர் தலைவருக்குக் கீழ். அவர் இப்போது மாதவரம் பொறுப்பாளராக இருப்பவர். அம்பத்தூரின் ஆறு பேருக்கு இடம், நேரம் எதுவும் மாறாது, மேலதிகாரி மட்டும் மாறுகிறார்.

மாதவரத்தில் இப்போதுள்ள காலை 9 முதல் மாலை 6 என்ற ஒரே ஷிப்ட், காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10 என்று இரண்டாகிறது. ஷிப்ட் மாற்றத்துக்குச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அதனால் மார்ச் 9 அன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வருகிறது. யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றிப் போடுவதாகத் திட்டம். வீட்டுச் சூழல் காரணமாக ஒரே ஷிப்ட் வேண்டும் என்பவர்கள் மார்ச் 18-க்குள் எழுதிக் கொடுங்கள்.

பூந்தமல்லி உதவியாளர்கள் மூவரில் இருவருக்கு மாதவரத்தில் அதே பதவி, அதே சம்பளம். போக்குவரத்துக்கு ஆறு மாதம் வரை மாதம் ரூ.1,500 கூடுதலாகக் கிடைக்கும். பைபாஸ் வழியாகப் போனாலும் தினமும் நல்ல தூரம்தான், அது எனக்கும் தெரிகிறது. இந்தத் தொகை போதாது என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன், பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்.

விற்பனை

34 பேரும் விற்பனைத் தலைவருக்குக் கீழ் வருகிறார்கள். அவர் இப்போதைய தென்சென்னை ஏரியா மேலாளர். டீக்கடை, பேக்கரி, மளிகை போன்ற சில்லறைக் கடைகளுக்கு 26 பேர். ஓட்டல், ஸ்வீட் ஸ்டால் போன்ற பெரிய வாடிக்கையாளர்களுக்கு 8 பேர். பட்டியல் மார்ச் 16-இல் வரும்.

இன்னொரு முக்கியமான மாற்றம், பாக்கி வசூல். ஜூன் 1 முதல் அது அக்கவுண்ட்ஸ் டீமின் வேலை. இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, முகம் சுருங்கியவர்களும் உண்டு, ஏனென்றால் இன்சென்டிவில் ஒரு பகுதி வசூலைப் பொறுத்துத்தான் வருகிறது. வசூல் கையை விட்டுப் போனால் அந்தப் பகுதி என்ன ஆகும் என்று அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. கேட்டிருக்கிறோம், மார்ச் 18-க்குள் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே 31 வரை வசூலித்ததற்குப் பழைய கணக்குப்படியே இன்சென்டிவ், அதில் சந்தேகம் வேண்டாம்.

கால் சென்டர்

14 பேருக்கும் வேலையும் ஷிப்டும் அதேதான், இடம் மாறுகிறது. மே 4 முதல் கிண்டியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு. ரிப்போர்ட் செய்வது சர்வீஸ் தலைவரிடம். தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள் இனி பார்க்கில் இறங்கி, சென்ட்ரலில் வேறு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். அதைவிட, பரங்கிமலையில் மாறி திருமங்கலம் வரை மெட்ரோவில் வருவது சுலபம். திருமங்கலம் மெட்ரோ வாசலிலிருந்து காலை 8.30-க்குக் கம்பெனி வேன். மாலை ஷிப்ட் முடிந்து இரவு 8 மணிக்குக் கிளம்பும் பெண்களை வேன் வீடு வரை கொண்டுபோய் விடும். வேன் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அறிவிப்பில் இருக்கிறது. வீட்டில் இறக்கிவிடும் ஏற்பாட்டுக்கு அந்தக் கெடு பொருந்தாது, அது தொடரும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அக்கவுண்ட்ஸ், மற்றவர்கள்

ஏரியா பில்லிங் மூன்றும் அம்பத்தூர் அக்கவுண்ட்ஸில் சேர்கின்றன. வடசென்னை, தென்சென்னை பில்லிங் பார்ப்பவர்கள் இருவரும் அங்கேயே அமர்கிறார்கள், தலைமைக் கணக்காளருக்குக் கீழ். ஐடி, மனிதவளம் இரண்டிலும் மாற்றம் இல்லை.

முடிவாகாத நான்கு பேர்

வெளியூர் ஏரியா மேலாளர், அந்த ஏரியாவின் பில்லிங் ஊழியர், பூந்தமல்லி ஸ்டோர் பொறுப்பாளர், அங்கே மூன்றாவது உதவியாளர். ஏப்ரல் 15-க்குள் இவர்களுக்கு வேறு வேலை தேடித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று அறிவிப்பே சொல்கிறது. பேச்சு நடக்கிறது. கொடுக்கும் வேலை பிடிக்கவில்லை என்றாலோ, இடமே இல்லை என்றாலோ என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிலாளர் என்ற வரையறையில் வருபவருக்குச் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் கம்பெனி இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துத் தருகிறது. கிராஜுவிட்டி இவற்றோடு சேராது, அது தனி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.18,200 வாங்கும் ஒருவர் 8 வருடம் வேலை பார்த்திருந்தால், 18,200-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 8-ஆலும் பெருக்க வேண்டும்: கிராஜுவிட்டி ரூ.84,000. மேலாளர் பணியிடத்துக்கு முதலில் சொன்ன 15 நாள் சராசரிச் சம்பளக் கணக்கு பொருந்தாது. அவருக்கு நியமனக் கடிதத்தில் உள்ளபடி மூன்று மாத நோட்டீஸ், கூடவே அதே இரண்டு மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும்.

இந்த நான்கு பேர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், மறைத்துப் பயனில்லை. டீ குடிக்கும் இடத்தில் அவர்களிடம் போய் "என்னாச்சு, என்னாச்சு" என்று துருவ வேண்டாம்.

எல்லோருக்கும் பொதுவான சில

இந்த வருட மதிப்பீட்டைப் பழைய மேலாளரே செய்வார், உங்கள் வேலையைப் பார்த்தவர் அவர்தான். மார்ச் 27-க்குள் முடியும். மார்ச் மாதப் பயணப் படிக்கும் பழைய மேலாளர் கையெழுத்தே. ஏப்ரல் 10-க்குள் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு அவருக்கு அனுமதிக்கும் உரிமை ஆப்பில் இருக்காது. ஏற்கெனவே கிடைத்த விடுப்பு அப்படியே செல்லும், புது மேலாளரிடம் மறுபடி கேட்க வேண்டியதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் மாறாது. யாராவது "புது எண் போடணும், ஓடிபி சொல்லுங்க" என்று போன் செய்தால் அது நாங்கள் இல்லை.

மார்ச் 11, புதன் மாலை 4 மணிக்கு அம்பத்தூர் கேன்டீனில் கேள்வி நேரம். நிர்வாக இயக்குநரும் வருகிறார். காஞ்சிபுரம், வேலூர்க்காரர்கள் வீடியோவில் சேரலாம். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குபவர்கள் கேள்வியைத் தாளில் எழுதி, பெயர் போடாமல், என் மேஜைப் பெட்டியில் செவ்வாய் மாலைக்குள் போடுங்கள். நானே வாசிக்கிறேன்.

மனிதவளப் பிரிவு, அம்பத்தூர்
மார்ச் 5, 2026