முதுநிலைக் கணக்காளர் பணி: எதிர்பார்க்கும் ஊதியம் குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வியாழக்கிழமை நேர்காணலுக்கு முன் எதிர்பார்க்கும் ஊதியத்தைத் தெரிவிக்குமாறு கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 9.5 லட்சம் ரூபாய் வரை எதிர்பார்க்கிறேன். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடையும் இதில் அடங்கும்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்குகளைக் கவனித்து வரும் நான், மாதந்தோறும் கொள்முதல் பில்களை GSTR-2B உடன் ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்வது வரை தனியாகவே பொறுப்பேற்றுச் செய்கிறேன். இந்த அனுபவத்தையும், சென்னைக்குக் குடிபெயர்ந்தால் கூடும் வீட்டு வாடகையையும் கருதியே இத்தொகையைக் குறிப்பிட்டுள்ளேன்.

ஆயினும் இது இறுதியான தொகை அன்று. பணியின் முழுப் பொறுப்புகளையும் நேரில் அறிந்த பின், மருத்துவக் காப்பீடு, ஆண்டு ஊக்கத்தொகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பேச மனமார ஆயத்தமாக உள்ளேன். மாதந்தோறும் கைக்கு வரும் நிலையான தொகையே எனக்கு முதன்மையானது. இப்பணிக்கென ஒதுக்கியுள்ள ஊதிய வரம்பைத் தாங்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ம. கவிதா