மறுபரிசோதனைக்கு அழைத்து ஒரு கடிதம்

பெண்கள் நலப் பிரிவு
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்
12.09.2024

அன்புள்ள நம்புராணி அக்காவுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 28-ஆம் தேதி பாம்பன் முகாமில் உங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தோம் இல்லையா, அந்த ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய் இருப்பதாக அதில் சொல்லவில்லை. ஆனால் சில செல்கள் வழக்கமான தோற்றத்தில் இல்லை என்று வந்திருக்கிறது. அது எதனால் என்று தெரிந்துகொள்ள இன்னொரு தடவை மாதிரி எடுக்க வேண்டும். செப்டம்பர் 25, புதன்கிழமை காலை 10 மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

முகாமில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எது வந்தாலும் மறைக்காமச் சொல்லிருங்க டாக்டர்" என்று கேட்டீர்கள். அதனால்தான் "ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பாமல், உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு சின்ன பிரஷ்ஷால் கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களைத் துடைத்து எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினோம். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கான செல்களைப் பார்ப்பார்கள். உங்களுடையதில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றின் நடுக்கரு மட்டும் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. இது சாதாரணம் என்றும் எழுத முடியாமல், கோளாறு என்றும் எழுத முடியாமல் "உறுதியாகச் சொல்ல இயலாத மாற்றம்" என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கரையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பரப்பிக் காயவைக்கும்போது, ஒரு கொத்தில் கட்டக்கோரைப் பாசி கலந்த மாதிரித் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள். அந்த ஒரு கொத்துக்காக மொத்தத்தையும் கெட்டது என்று முடிவு கட்ட மாட்டீர்கள். நாங்களும் இப்போது திருப்பிப் பார்க்கத்தான் கூப்பிடுகிறோம்.

இப்படித் தெரிவதற்குக் காரணங்கள் பல. உள்ளே லேசான புண்ணோ கிருமித்தொற்றோ இருந்தாலும் தெரியும். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் உடம்பில் நடக்கும் மாற்றத்தாலும் தெரியும். உங்களுக்கு 46 ஆகிறது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருந்தாலும் தெரியும். இந்த முறை எடுக்கும் மாதிரி அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

அந்தப் பெயரை யாராவது வேறு மாதிரிச் சொல்லி உங்களைக் குழப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி.வி. மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ். கல்யாணமான பெண்களில் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஏதாவது ஒரு சமயம் வந்து போயிருக்கும். பெரும்பாலும் ஓரிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குப் பல வருடம் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். அதனால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வைத்து உங்களையும் சரி, அண்ணனையும் சரி, யாரும் சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. கடலில் மணிக்கணக்காக நிற்பதால் வந்ததோ என்றும் நினைக்க வேண்டாம். பாசி எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நூற்றுக்கு நூறு ஒன்றுமில்லை என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பார்க்காமல் அப்படி எழுதக் கூடாது. அதே சமயம், நமக்கு அவகாசம் நிறைய இருக்கிறது. சாதாரணச் செல் மாறி மாறிப் புற்றுநோய் என்ற நிலைக்குப் போக, உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள பெண்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். நடுவில் எந்த இடத்தில் கண்டுபிடித்தாலும் தடுத்துவிடலாம். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பெண்களைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பதே அதற்காகத்தான். எனவே இன்று இரவே பஸ் ஏறி ஓடிவர வேண்டியதில்லை. "வலி ஒன்றும் இல்லையே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

தேதியை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். 18-ஆம் தேதி பௌர்ணமி, அக்டோபர் 2 அமாவாசை. 25-ஆம் தேதி இரண்டுக்கும் நடுவில் வருவதால் பாசிக்குப் போகிற நாள் கெடாது என்று நினைத்தேன். தவறாகக் கணக்குப் போட்டிருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு மாதவிலக்காக இருந்தாலும் அது நின்ற பிறகு வேறு நாள் தருகிறேன். வருவதற்கு முந்திய இரண்டு நாள் உள்ளே மருந்து எதுவும் வைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கணவரோடு சேர்வதையும் தவிர்த்துவிடுங்கள். பட்டினியாக வர வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். முகாமில் கொடுத்த மஞ்சள் அட்டையை எடுத்து வாருங்கள்.

போன முறை போலத்தான் எடுப்போம், ஐந்து நிமிடம் ஆகும். அன்றைக்கு நீங்கள் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். பாசி எடுக்க விரல் நுனிகளில் துணி சுற்றிச் சுற்றிப் பதிந்த தடம் வெளுத்துப் போயிருந்தது. இந்த முறை அவசரமே இல்லை. நான்தான் எடுப்பேன், சகாயமேரி சிஸ்டர் பக்கத்தில் இருப்பார். வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். மகளையோ தங்கச்சியையோ துணைக்குக் கூட்டி வந்தாலும் சரி.

ரிசல்ட் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். வைரஸ் இல்லை என்று வந்தால் மூன்று வருடம் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு வந்தால் போதும். இருக்கிறது என்று வந்தால், அதுவும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பேன். அங்கே கால்போஸ்கோப் என்ற கருவியால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், சந்தேகமான இடம் தெரிந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். சிகிச்சை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் அந்தச் சின்ன இடத்தை மட்டும் குளிர வைத்தோ சூடு வைத்தோ எடுத்துவிடுவார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டாலோ, கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, அடிவயிற்றில் விடாமல் வலி இருந்தாலோ 25-ஆம் தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். இதில் எதுவும் இல்லை என்று முகாமில் சொன்னீர்கள், அது நல்ல விஷயம்.

கடிதத்தை ஒட்டி, நர்சம்மா உங்கள் கையிலேயே தருகிற மாதிரி அனுப்புகிறேன். உறையின் மேல் எதுவும் எழுதவில்லை. யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். படித்துவிட்டு மனசு கேட்காமல் இருந்தால் அட்டையின் பின்பக்கம் உள்ள சிஸ்டர் நம்பருக்கு மதியம் 2 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். என்னிடம் பேச வேண்டும் என்று சொன்னால் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.

25-ஆம் தேதி வந்ததும் வரிசையில் உட்கார வேண்டாம். சிஸ்டரிடம் பெயரைச் சொல்லுங்கள், உள்ளே அழைத்து வருவார்.

அன்புடன்,
டாக்டர் கவிதா