பொருள்: போட்டித் தேர்வுக்காக 2 நாள் விடுப்பு வேண்டி

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வரும் 16-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதுகிறேன். மையம் மதுரையில் கிடைத்திருக்கிறது. காலை 7.45-க்கே உள்ளே இருக்க வேண்டும். தாமதமானால் அனுமதிக்க மாட்டார்கள். அதனால் முந்தைய நாளே கிளம்பியாக வேண்டும். 15, 16 ஆகிய இரு நாட்களும் தற்செயல் விடுப்பு தந்து உதவுங்கள் ஐயா.

20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கை 13-ஆம் தேதியே சரிபார்த்துக் கொடுத்துவிடுகிறேன். அவசரமென்றால் 15 அன்று கைபேசியில் அழைக்கலாம். தேர்வு அறைக்குள் அதற்கு அனுமதி இல்லை. 17 காலை வழக்கம்போல் வந்துவிடுவேன்.

ஓராண்டாக இரவில் படித்துத் தயாரான தேர்வு இது, ஐயா. ஹால் டிக்கெட் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கவிதா,
கணக்குப் பிரிவு

இணைப்பு: ஹால் டிக்கெட் நகல்