வீட்டு ஒப்பந்தம் புதுப்பிப்பது பற்றி: முதல் மாடி, குரோம்பேட்டை

28.07.2025

அன்புள்ள பிரபாகர் தம்பிக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இப்போதைய 11 மாத ஒப்பந்தம் செப்டம்பர் 30-ஆம் தேதி முடிகிறது. நீங்களும் சுதாவும் தொடர்ந்து இருப்பதில் எங்களுக்கு முழுச் சம்மதம். புது ஒப்பந்தத்தை 01.10.2025 முதல் 31.08.2026 வரை போடலாம். சில விஷயங்கள் மாறுகின்றன. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாடகை 18,000-லிருந்து 19,000 ஆகிறது. நம் தெருவில் இதே அளவு இரண்டு பெட்ரூம் வீட்டைப் புதிதாக வருபவர்களுக்கு 21,000, 22,000 என்று விடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு நான் போகவில்லை. அட்வான்ஸ் 54,000 அப்படியே இருக்கட்டும். வாடகை ஏறியதற்காக மூன்று மாத வாடகை என்று கணக்குப் பார்த்து மேலே 3,000 கேட்கமாட்டேன். வழக்கம்போல 5-ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்குக்கே போடுங்கள், கையில் பணமாக வேண்டாம். ஹெச்.ஆர்.ஏ.வுக்கு ரசீது கேட்கும்போது இரண்டு பேருக்கும் அதுதான் சுலபம்.

மெயின்டனன்ஸ் 1,000-லிருந்து 1,400 ஆகிறது. கட்டடம் முழுவதற்கும் மாதம் 4,200 செலவு: பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு 1,800, மோட்டார் மற்றும் படிக்கட்டு விளக்குக்கான பொது ஈ.பி. சராசரி 1,300, வருஷத்துக்கு இரண்டு முறை சம்ப்பும் மேல் டேங்கும் கழுவ மாதக் கணக்கில் 500, மோட்டார், பைப் ரிப்பேருக்கு ஒதுக்கு 600. மூன்று போர்ஷனுக்கும் சமமாகப் பிரித்தால் 1,400. இதுவரை பற்றாக்குறைத் தொகையை நான் போட்டுவந்தேன். சொத்து வரி என் பொறுப்பு, அதில் மாற்றமில்லை. ஆக, மொத்தமாக நீங்கள் மாதம் கொடுப்பது 19,000-லிருந்து 20,400 ஆகும்.

லாரித் தண்ணீர் இந்த 1,400-க்குள் வராது. ஏப்ரல், மே மாதங்களில் போர் இறங்கினால் 9,000 லிட்டர் லாரி வாங்குவோம். பில்லை மூன்றாக வகுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: சம்ப்பில் ஒரு அடிக்குக் கீழே தண்ணீர் போன பிறகுதான் லாரிக்குப் போன் செய்ய வேண்டும். சம்ப்பே 10,000 லிட்டர்தான். பாதி இருக்கும்போது வரவழைத்தால் மிச்சத்தை இறக்க இடமிருக்காது, காசு மட்டும் முழு லோடுக்குப் போகும்.

அடுத்தது உங்கள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். இதில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழே பொது மீட்டரில் இருக்கும் 6 ஆம்ப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் செய்கிறீர்கள். போன வாரம் எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தபோது பிளக்கின் ஒரு பின் துளை பழுப்பேறி, ஓரம் லேசாக உருகியிருந்தது. அந்த பாயின்ட் டியூப்லைட்டுக்கும் டிரில் மெஷினுக்கும் போட்டது. மணிக்கணக்காகத் தொடர்ந்து லோடு இழுத்தால் தொடர்பு தளர்ந்து சூடாகும், ராத்திரியில் யாரும் கவனிக்கவும் மாட்டோம். கரன்ட் கணக்கு வேறு: முழு சார்ஜுக்கு 3 முதல் 4 யூனிட், மாதம் 15 முறை என்றாலும் 45 முதல் 60 யூனிட் மற்ற இரண்டு வீட்டாரின் தலையிலும் விழுகிறது.

எனவே, உங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்துவிடுகிறேன். மீட்டர் போர்டு பார்க்கிங்கிலேயே இருப்பதால் தூரம் அதிகமில்லை. 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், பி.வி.சி. பைப்புக்குள், 16 ஆம்ப் சாக்கெட், எர்த் கசிந்தால் டிரிப் ஆகும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.பி.ஓ. சாமான், கூலி இரண்டும் என் செலவு. யூனிட் உங்கள் பில்லில் ஏறும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் சட்டென்று எகிறும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏ.சி. ஓடும் மாதங்களில் அது நடக்க வாய்ப்பு உண்டு. வேலை முடியும்வரை அந்தப் பழைய பிளக்கைத் தொட வேண்டாம். இது அக்டோபருக்குக் காத்திருக்க வேண்டிய விஷயமில்லை, வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆள் அனுப்புகிறேன்.

ரிப்பேர் யார் செலவு என்பதையும் இந்த முறை எழுத்தில் போட்டுவிடலாம். சுவருக்குள் இருக்கும் பைப், வயரிங், மோட்டார், ஓதம் எல்லாம் என்னுடையது. பல்பு, குழாய் வாஷர், ஃப்ளஷ் டேங்க் வால்வு உங்களுடையது. கீசரை வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்வதும் உங்களுடையதுதான். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காயிலில் சுண்ணாம்பு படிந்தால் தண்ணீர் சூடாக நேரமெடுக்கும், கரன்ட் போகும், கடைசியில் காயிலே போய்விடும். சர்வீஸ்காரரிடம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்திருந்தால் மாற்றும் செலவை நான் தருகிறேன்.

மொட்டை மாடியில் தட்டோடு இடுக்குகள் விட்டிருக்கின்றன. வடகிழக்கு மழைக்கு முன்னால் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் கோட் அடிக்க வேண்டும். செப்டம்பரில் வெயில் நின்று காயும் நாட்களாகப் பார்த்துச் செய்வோம். அந்த ஐந்தாறு நாட்கள் மேலே துணி காயப்போடவோ நடக்கவோ முடியாது, முன்கூட்டியே சொல்கிறேன்.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம். நீங்கள் வந்தது 2023 ஜனவரி, அடுத்த ஜனவரியோடு மூன்று வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு எப்போது போனாலும் அந்தப் பிடித்தம் கிடையாது. மூன்று வருஷத்தில் எந்தச் சுவரும் மங்கத்தான் செய்யும்.

நோட்டீஸ் இரண்டு தரப்புக்கும் இரண்டு மாதம். ஆனால் ஒப்பந்தம் முடியும் ஆகஸ்ட் என்பது பள்ளி நடக்கும் காலம். ஒருவேளை 2026-இல் வீடு எங்களுக்கே தேவைப்பட்டால் மார்ச்சுக்குள் சொல்லிவிடுவேன், மே லீவில் மாற உங்களுக்கு வசதியாக இருக்கும். மார்ச்சில் நான் வாய் திறக்கவில்லை என்றால் 2027 மே வரை கிளப்பமாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

புது ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்வோம். இருவரின் ஆதார், பான் நகல், போட்டோ வேண்டும். டைப்பிங், பதிவுச் செலவு பாதி பாதி.

ஆகஸ்ட் 15-க்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தொகை இடித்தால் அதை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள், பேசிக்கொள்ளலாம். ஒத்துவராது என்றால் வருத்தமில்லை. செப்டம்பர் 30-க்குள் வீடு அமையவில்லையென்றால் அக்டோபர் முழுக்கப் பழைய வாடகைக்கே இருங்கள். காலி செய்யும் அன்று மீட்டர் ரீடிங் எடுத்து, இரண்டு செட் சாவி வாங்கிக்கொண்டு, நிலுவை ஈ.பி.யும், மேலே சொன்ன மூன்று வருஷம் முடியாததால் பெயின்டிங் பிடித்தத்தில் பாதியும் போக மீதி அட்வான்ஸை அன்றே அனுப்பிவிடுவேன்.

ஞாயிறு காலை 10 மணிக்கு எலக்ட்ரீஷியன் வரும்போது வீட்டில் யாராவது இருப்பார்களா என்று மட்டும் இன்றே பதில் போடுங்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்
திருச்சி