பண்புகளின் வழியே உயிர்ச் சமூகம்

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஆழமற்ற நீரில் பூநாரை அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டுகிறது. நெடுங்கால் உள்ளான் சிற்றுயிர்களைக் கொத்துகிறது. கூழைக்கடா மீனை வாரியெடுக்கிறது. இனப்பட்டியலுக்கு இவை வெறும் மூன்று பெயர்கள். செயல்பாட்டுப் பன்மை என்ற அளவீடோ அலகின் வடிவம், கால் நீளம், உடல் எடை ஆகியவற்றை அளந்து, அந்தப் பண்புகளை அச்சுகளாகக் கொண்ட பண்புவெளியில் இனங்கள் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன, எவ்வளவு சீராகப் பரவியுள்ளன என்று கேட்கிறது.

ஓரிடத்தில் சேர்ந்து வாழும் இனங்களின் சமூகம் உருவாகும் விதத்தை இதிலிருந்து ஊகிப்பதே பலரின் நோக்கம். உப்பும் வறட்சியும் தாங்காதவற்றைச் சூழல் விலக்கினால், எஞ்சியவை பண்பில் ஒத்திருக்கும். போட்டி வலுத்தால் ஒத்தவை சேர்ந்து வாழ முடியாது, ஆகவே பண்புகள் விலகி நிற்கும்; சூழலியலாளர்கள் மெக்ஆர்தரும் லெவின்சும் 1967இல் முன்வைத்த ஒப்புமை வரம்பு இதற்கு அடித்தளம். வட்டார இனத்தொகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த கற்பனைச் சமூகங்களோடு ஒப்பிட்டே இரண்டில் எது என்று சொல்கிறோம்.

இந்த வாதம் கேட்பதற்கு அழகானது. எங்கள் பார்வையில் அளவுக்கு மீறி நம்பப்பட்டது. மேஃபீல்டும் லெவினும் 2010இல் காட்டியதுபோல், உயரமான மரங்கள் நிழலால் குட்டையானவற்றை வெளியேற்றினாலும் எஞ்சியவை ஒத்தே இருக்கும். அங்கே வடிகட்டியது போட்டிதான், சூழல் அல்ல. கிண்டிக் காட்டின் வறண்ட பசுமைமாறா மரங்களில் தடித்த இலைகள் மிகுந்திருப்பதை மட்டும் வைத்து வறட்சியைக் காரணமாக்குவதும் அவசரமே. குறைந்தபட்சம் மண் ஈரத்தையும் ஒளியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரே இனத்தின் மரங்களுக்குள்ளேயே இலைத் தடிமன் மாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.